ஆயில் சொட்டும் இடமும் கசியும் இடமும்

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டினால் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “அண்ணே, பின் ஆயில் சீல் போயிடுச்சு. கியர்பாக்ஸை இறக்கணும்.” கிராங்க் ஷாஃப்டின் பின்முனை இன்ஜினை விட்டு வெளியே வந்து ஃப்ளைவீலோடு சேரும் இடத்தில், ஷாஃப்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம்தான் இந்தப் பின் சீல். அதன் விலை பெரிதல்ல. ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் கழற்ற வேண்டும். செலவெல்லாம் அந்த வேலையில்தான்.

சொட்டு விழும் இடம் உண்மையிலேயே அந்தச் சீலுக்கு நேர்கீழேதான் இருக்கிறது. அதனால் மெக்கானிக் சொல்வது பார்வைக்குச் சரியாகவே படும். ஆனால் இன்ஜினின் உச்சியில் இருக்கும் டேப்பட் கவரின் பேக்கிங் பின்பக்கம் கசிந்தாலும் ஆயில் அதே இடத்துக்குத்தான் வந்து சேரும். ஹெட்டின் முதுகில் இறங்கி, பிளாக்கின் பின்சுவரில் வழிந்து, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் வெளிப்புறத்தைச் சுற்றி வந்து, அடியில் சொட்டும். ஓட்டு வீட்டில் ஓடு ஓரிடத்தில் உடைந்திருக்க, தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடி வேறிடத்தில் ஒழுகுவதைப் போலத்தான் இதுவும். டேப்பட் கவர் பேக்கிங் மாற்றுவது பெரும்பாலான வண்டிகளில் அரை நாள் வேலை.

சிறுமலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழைத்தார் ஏற்றி இறக்கும் நண்பர் ஒருவரின் டீசல் வேனுக்கு இதே தீர்ப்பு வந்தது. இன்ஜின் நெடுக்குவாட்டில் முன்னால், கியர்பாக்ஸ் அதன் பின்னால், ஓட்டம் பின் சக்கரத்துக்கு. கியர்பாக்ஸை இறக்க ஒப்புக்கொள்ளும் முன் இன்ஜினைக் கழுவிப் பார்க்கலாம் என்றேன். பழைய ஆயிலும் தூசியும் கெட்டிப்பட்டு அப்பியிருக்கும் இன்ஜினில் இன்று கசிந்தது எது, எப்போதோ கசிந்தது எது என்று எந்தக் கண்ணாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

கழுவும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், காற்று உறிஞ்சும் வாய், ஒயர் கனெக்டர்கள் எல்லாவற்றையும் பாலித்தீன் கட்டி மூடினோம். டீகிரீஸர் தெளித்துச் சற்று ஊறவிட்டு, நீளக் காம்பு பிரஷ்ஷால் தேய்த்து, குறைந்த வேகத்தில் தண்ணீர் விட்டுக் கழுவினோம். வேகமாகப் பீய்ச்சினால் தண்ணீர் கனெக்டருக்குள்ளும் சீல்களுக்குள்ளும் புகுந்துவிடும். ஹெட்டின் பின்பக்கத்துக்கும் வண்டியின் தடுப்புச் சுவருக்கும் நடுவே கை நுழையாத ஒரு சந்து உண்டு. கழுவுகிறவர்கள் விட்டுவிடுவது அந்த இடத்தைத்தான், நமக்கு வேண்டியதும் அதே இடம்தான். ஒரு குச்சியில் துணி சுற்றி, துணியில் கறுப்பு ஒட்டாத வரை துடைத்தோம். பெல் ஹவுசிங்கின் மேற்புறத்தையும் அப்படியே. நன்றாகக் காய்ந்தபின் டேப்பட் கவர் ஓரம், ஹெட்டின் முதுகு, பெல் ஹவுசிங் மேற்புறம் மூன்றிலும் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவினோம். வெள்ளைப் பவுடரில் ஆயில் பட்டால் கறுத்த கோடாகத் தெரியும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். அளவு குறைந்திருந்தால் உள்ளே போதுமான ஆயில் இல்லாமல் கசிவு தோன்றாமலே போகலாம்.

கால் மணி நேரம் நின்ற நிலையில் ஓடவிட்டோம். பவுடர் தூவியபடியே இருந்தது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்: மேலே காய்ந்திருக்கிறது, அப்படியானால் பின் சீல்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆயில் நன்றாகச் சூடேறி இளகினால்தான் சில கசிவுகள் தொடங்கும். இந்த வேனுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மலை ஏறும்போது வண்டி பின்பக்கம் சாய்கிறது. அப்போது ஹெட்டின் மேல் இருக்கும் ஆயில் பின்மூலையில் தேங்கி நிற்கும். சமதளத்தில் ஆயில் எட்டாத பேக்கிங் ஓரம் ஏற்றத்தில் ஆயிலில் முழுகிவிடும். ஆகவே வண்டி வழக்கமாகப் போகும் பாதையிலேயே, சிறுமலைக்கு ஏறி இறங்கிவிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

திரும்பி வந்து இன்ஜினை நிறுத்தியதும் டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துப் பார்த்தோம். ஈரமான இடங்களில் மிக உயரமானது எதுவோ அதைத்தான் தேட வேண்டும். ஆயில் தானாக மேலே ஏறாது. ஓட்டத்தில் ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் அதைப் பின்னோக்கித் தள்ளும். அதனால் ஒரே உயரத்தில் இரண்டு இடம் நனைந்திருந்தால் முன்னால் இருப்பதன் மேல் சந்தேகம் அதிகம். கண்ணாடியில் தெரிந்தது இதுதான்: டேப்பட் கவரின் வலது பின்மூலையில் பேக்கிங்குக்குக் கீழே விரல் அகலத்துக்கு ஈரம். அங்கிருந்து பவுடரைக் கிழித்துக்கொண்டு ஒரு கறுப்புக் கோடு ஹெட்டின் முதுகில் இறங்கி, பெல் ஹவுசிங்கின் தோளில் பரவியிருந்தது.

இதனால் மட்டும் பின் சீல் நல்லது என்று ஆகிவிடாது. இரண்டும் ஒன்றாகக் கசியலாம். பெல் ஹவுசிங்குக்கு அடியில் சின்னத் தகடோ ரப்பர் அடைப்போ இருக்கும். அதைக் கழற்றி உள்ளே பார்த்தோம். பின் சீல் கசிந்தால் ஃப்ளைவீலின் இன்ஜின் பக்க முகம் நனைந்து, சுழற்சியில் ஆயில் சிதறி உட்சுவரெங்கும் தெறித்திருக்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்து உதிரும் தூள் ஆயிலில் குழைந்து சேறாகியிருக்கும். கிளட்சிலேயே ஆயில் பட்டால் ஏற்றத்தில் இன்ஜின் இரையும், வண்டி நகராது. இந்த வேனில் உள்ளே இருந்தது உலர்ந்த சாம்பல் தூள் மட்டுமே. உள்ளே நனைந்திருந்தாலும் ஒரு துளியை விரலில் எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும். ஓடிய டீசல் இன்ஜின் ஆயில் கறுத்திருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். அப்படியானால் குற்றவாளி கியர்பாக்ஸின் முன் சீல்.

கோடு மூலையில் தொடங்காமல் பிளாக்கின் நடுவில் தொடங்கினால், அந்த இடத்தில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் கசியும். பவுடரில் பிடிபடாத மெல்லிய கசிவுக்கு, ஆயிலில் கலந்து ஓட்டும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. புற ஊதா டார்ச் அடித்தால் கசிந்த தடம் மஞ்சள்பச்சையாக மின்னும். ஆனால் அதற்கும் முதலில் கழுவியாக வேண்டும்.

பழைய பேக்கிங்கைக் கழற்றியபோது அது ரப்பராக இல்லை. வளைத்ததும் ஒடிந்தது. ஹெட், கவர் இரண்டின் பரப்பையும் சுத்தமாகத் துடைத்து, கம்பெனி சொல்லும் மூலைகளில் மட்டும் சிறு பொட்டு சிலிகான் வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். கசியக்கூடாது என்று பலம் கொண்ட மட்டும் முடுக்குவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. தகட்டுக் கவர் வளைந்துபோய் பேக்கிங் பிதுங்கி, முன்னைவிட அதிகமாகக் கசியும். பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும். அது அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, புதுப் பேக்கிங்கையும் நல்ல சீலையும் மீறி ஆயிலை வெளியே தள்ளும்.

வேலை முடிந்தபின் மறுபடி கழுவி, பவுடர் தூவி, சில நாள் ஓட்டிப் பார்த்தார் நண்பர். மேலும் கீழும் காய்ந்தே இருந்தது. ஒருவேளை மேலே காய்ந்து அடியில் மட்டும் நனைந்திருந்தால், அப்போது கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அப்படி இறக்கும் நாளில் கிளட்ச் பிளேட்டின் தேய்மானத்தையும் பார்த்துவிடுங்கள். பழைய சீலின் உதடு உரசி ஷாஃப்டில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவு பள்ளம் விழுந்திருந்தால், புதுச் சீலை அதே தடத்தில் உட்கார வைத்துப் பயனில்லை. இடமிருந்தால் சற்றுத் தள்ளிப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் ஷாஃப்டின் மேல் மெல்லிய ஸ்லீவ் ஏற்றிவிட்டுப் பொருத்த வேண்டும்.