பந்து பட்டது என்று எழுதுங்கள்

விளையாட்டு பீரியடில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் இடது கண்ணில் கிரிக்கெட் பந்து பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணைக் கழுவி, ஐஸ் வைத்து, அப்பாவை வரவழைத்து அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் வீக்கம் வடிந்துவிடுகிறது. இதற்குப் போய் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். பலமாக அடிபட்ட கண்ணில் விழித்திரை சில வாரங்களோ மாதங்களோ கழித்துக்கூடப் பிரியலாம். பள்ளிகள் மாணவர்களுக்கு எடுக்கும் குழு விபத்துக் காப்பீட்டில், விபத்து நடந்த 12 மாதத்துக்குள் அதனால் நிரந்தர ஊனம் ஏற்பட்டால் பணம் உண்டு என்பது வழக்கமான நிபந்தனை. ஒரு கண்ணின் பார்வை முழுவதும் போனால் பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் பாதி கிடைக்கும். 1 லட்சத்துக்கு எடுத்திருந்தால் 50,000 ரூபாய். ஆனால் ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது, அன்று பந்து பட்டதற்கு என்ன ஆதாரம் என்பார்கள். பாலிசி பள்ளியின் பெயரில் இருப்பதால், அந்த ஆதாரத்தைப் பள்ளிதான் தர வேண்டியிருக்கும்.

அறிக்கை ஒரு பக்கம் போதும். பாலிசி எண், மாணவரின் பெயர், வகுப்பு, சேர்க்கை எண், தேதி, நேரம், இடம், பார்த்தவர் யார், எந்த ஆஸ்பத்திரி. இவையெல்லாம் சுலபம். சிக்கல் ‘எப்படி நடந்தது’ என்ற இடத்தில்தான். ‘மாணவனின் கவனக்குறைவால்’ என்று எழுதிவிட்டால் பள்ளிக்குப் பழி வராது என்று சில நிர்வாகங்கள் நினைக்கின்றன. வீண் வேலை. இது தனிநபர் விபத்து பாலிசி. தவறு யாருடையது என்று பார்த்துப் பணம் தருவதில்லை. திடீரென்று, எதிர்பாராமல், வெளியிலிருந்து வந்த காரணத்தால் காயம் பட்டதா என்றுதான் பார்க்கிறது. அதனால்தான் பிரேயரில் ‘மயங்கி விழுந்தான்’ என்பதும் ஈரப் படியில் ‘வழுக்கி விழுந்தான்’ என்பதும் வேறு வேறு. முதலாவதை நோய் என்று சொல்லிக் கம்பெனி மறுக்க இடமுண்டு. பொய் எழுதச் சொல்லவில்லை. பார்த்தவரைக் கேட்டு, பார்த்ததை மட்டும் எழுதினால் போதும்.

கிளெய்ம் இழுபடும் இன்னொரு இடம், ஆஸ்பத்திரிச் சீட்டு. பதற்றத்தில் அப்பா ‘வீட்டில் விழுந்துட்டான்’ என்று சொல்லி, அவசரப் பிரிவில் அப்படியே பதிந்துவிட்டால், பள்ளி அறிக்கையோடு அது ஒத்துப்போகாது. கூடப் போகும் ஆசிரியரே நடந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

தகவல் தாமதமாகிவிட்டால் அதோடு முடிந்தது என்று விட்டுவிட வேண்டாம். தாமதத்தை மட்டுமே காரணமாக்கி நியாயமான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்கான காரணத்தை எழுதி அனுப்புங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அடிபட்ட அன்றே பள்ளி அறிக்கையின் நகலையும் கிளெய்ம் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவச் செலவும் பாலிசியில் உண்டா என்று அப்போதே விசாரியுங்கள். இல்லையென்றால் மாவுக்கட்டுப் போட்ட செலவு உங்களுடையதுதான். உண்டென்றால் ஒரிஜினல் பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.