வரி என்ற காலத்தில் நுழையும் கற்பனை

மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுக்கு வரும் டிராவல் பில் கவர்களைப் பிரித்துப் பார்த்தால், கம்ப்யூட்டர் பில்களுக்கு நடுவே கையால் எழுதிய துண்டுச் சீட்டுகள் நிறைய இருக்கும். கார்பன் மங்கியவை, ரப்பர் ஸ்டாம்ப் பாதி விழுந்தவை, 'கேஷ் பில்' என்று மட்டும் அச்சடித்து மேலே கடைப் பெயரே இல்லாதவை. இவற்றை எக்செல் ஷீட்டில் ஏற்றுவதற்கு நான்கு காலங்கள்: கடை, தேதி, வரி, மொத்தம்.

கோவையில் உள்ள மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் இன்ஜினீயர், 2025 நவம்பர் தொடக்கத்தில் சேலம் பக்கம் போய்வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் நான்கு கைப்பில்கள். லாட்ஜ் 998 ரூபாய், மெஸ் 270, பெட்ரோல் 1,350, பைப்பும் யூனியனும் வாங்கிய ஹார்டுவேர் கடை 590. கூட்டினால் 3,208.

லாட்ஜ் பில்லில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வாடகை 950, மத்திய ஜி.எஸ்.டி. 24, மாநில ஜி.எஸ்.டி. 24. கணக்குப்படி 5 சதவீதம் 47.50தான், இரண்டு பாதியையும் தனித்தனியே முழு ரூபாய்க்குக் கொண்டுபோனதால் 48 ஆகியிருக்கிறது. ஷீட்டில் 48 என்றே ஏற்ற வேண்டும். நாமே கணக்குப் போட்டு 47.50 என்று 'திருத்தினால்' கடைக்காரர் கணக்கோடு நம் கணக்கு சேராது.

சிக்கல் ஹார்டுவேர் பில்லில்தான். 590/- என்று ஒரே ஒரு தொகை. ஜி.எஸ்.டி. எண் கிடையாது, வரி என்ற வரியே கிடையாது. ஆனால் ஷீட்டில் வரிக் காலம் காலியாக இருக்கிறதே! பதிவு செய்பவர் யோசிக்கிறார்: பி.வி.சி. பைப்புக்கு 18 சதவீதம், ஆகவே 590ஐ 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்கு. வருவது சரியாக 90. வரி நீங்கலான விலை 500, வரி 90. பைசா மிச்சமில்லாமல் வருவதால் இதுதான் உண்மை என்றே தோன்றும். அந்த 90 ரூபாயை யாரும் வசூலிக்கவில்லை, யாரும் அரசுக்குக் கட்டவும் இல்லை.

ஆண்டு விற்பனை குறைவாக இருப்பதால் ஜி.எஸ்.டி. பதிவே எடுக்காத கடைக்காரர் வரி வசூலிக்கக் கூடாது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தன் கைக்காசிலிருந்து கட்டுவார். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்க அவருக்கும் உரிமை இல்லை. நம் மெஸ் பில் அப்படிப்பட்டதாக இருக்கலாம். 270 ரூபாயிலிருந்து 5 சதவீதத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 12.86 வரும். சிலர் அவசரத்தில் மொத்தத்துக்கே 5 சதவீதம் போட்டு 13.50 என்று எழுதுவார்கள். இரண்டுமே கற்பனை, இரண்டாவதில் கணக்கும் தப்பு. பெட்ரோல் இன்னொரு வகை. அது ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது. மாநில வரி விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பங்க் பில்லிலிருந்து ஜி.எஸ்.டி. பிரித்து எழுதியிருந்தால், எழுதியவர் பில்லைப் பார்க்கவில்லை, காலத்தை மட்டும் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

என்னை உறுத்துவது இந்தத் தவறு மாட்டிக்கொள்வதே இல்லை என்பதுதான். மொத்தத்தில் பத்து ரூபாய் குறைந்தால் இன்ஜினீயர் அன்றைக்கே போன் போட்டுக் கேட்பார். கடைப் பெயர் தப்பென்றால் மேனேஜர் பில்லைத் திருப்பி அனுப்புவார். வரியில் 90 என்று இட்டுக்கட்டினால் யாருக்கும் கைநஷ்டம் இல்லை. இன்ஜினீயருக்கு 590 முழுசாக வந்துவிடும். கம்பெனி அந்த 90ஐத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும்போதுதான் வினை. கழிக்கத்தக்க வரி, விற்றவர் தாக்கல் செய்த விவரத்திலிருந்து ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் வர வேண்டும். பதிவில்லாத கடை எதைத் தாக்கல் செய்யும்? கழித்ததைத் திரும்பக் கட்ட வேண்டும், வட்டியோடு.

காலத்தைக் காலியாக விட்டால் சாஃப்ட்வேர் ஏற்காது என்று கணக்குப் பிரிவில் சொல்வார்கள். இருக்கட்டும், பூஜ்யம் போடலாமே. பில்லில் வரி இல்லை என்றால் 0, வரி எழுதியிருக்கிறது ஆனால் படிக்க முடியவில்லை என்றால் ஷீட்டில் காலி என்று பிரித்து வைத்தால், சாஃப்ட்வேரில் ஏற்றுமுன் திரும்பக் கேட்க வேண்டிய பில் எது என்பது பார்த்தவுடன் தெரியும். ஜி.எஸ்.டி. எண்ணுக்கும் ஒரு காலம் சேருங்கள். அது 15 எழுத்து. முதல் இரண்டும் மாநிலத்தைக் காட்டும், தமிழ்நாடு என்றால் 33. எண் இல்லாத வரிசையில் வரி இருந்தால் அந்த பில்லைக் கையில் எடுத்தே பார்க்க வேண்டும். வரி நீங்கலான தொகைக்கும் இடம் கொடுத்து, அதை D, வரியை E, மொத்தத்தை F காலத்தில் வைத்தால் ஒரு சின்ன சோதனை போதும்:

```
=IF(ABS(D2+E2-F2)<=1,"சரி","பில்லைப் பார்")
```

ஒரு ரூபாய் சலுகை ரவுண்ட் ஆஃபுக்காக. ஆனால் 500, 90, 590 என்ற கற்பனையும் இந்தச் சோதனையில் 'சரி' என்றே பாஸாகும். அதனால்தான் ஜி.எஸ்.டி. எண் காலம் தேவைப்படுகிறது.

தேதியும் வரியைக் கெடுக்கும். லாட்ஜ் பில்லில் 4/11/25. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் எக்செல் அதை ஏப்ரல் 11 என்று எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு 2025 செப்டம்பர் 22 முதல்தான் 5 சதவீதம். அதற்கு முன் 12. ஆகவே ஆடிட்டர் கண்ணில் ஏப்ரல் மாத லாட்ஜ் வரி குறைவாகத் தெரியும், நல்ல பில் சந்தேக பில் ஆகிவிடும். 25/11/25 போன்ற தேதி தப்பித்துவிடும். 25ஆவது மாதம் இல்லாததால் அதை எக்செல் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் நிற்கும். ஒரே காலத்தில் சில தேதிகள் இடதும் சில வலதுமாக நின்றால், வலப்பக்கம் நிற்பவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். 4-nov-2025 என்று மாதத்தை எழுத்தில் அடித்தால் இந்த வம்பே இல்லை.

மொத்தத்தில் வரும் பிழைக்குப் பழைய கணக்குப்பிள்ளைகள் கையாண்ட உத்தி இன்றும் செல்லும். இன்ஜினீயர் போட்ட கூட்டல் 3,208, ஷீட்டில் 3,388. வித்தியாசம் 180, அது 9ஆல் வகுபடுகிறது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று தேடினால், 1,350 என்பது 1,530 ஆகியிருக்கும். வித்தியாசம் 6, 60, 600 என்று வந்தால் 1ஐ 7 என்று படித்தோமா என்று பார்க்கலாம். நம் ஊர்க் கையெழுத்தில் இது சகஜம். 270/- என்பதன் சாய்கோடு 1 ஆகி 2,701 என்று ஏறுவதும் உண்டு.

டூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வரி போடும் கடையில், பில் எழுதும்போதே உங்கள் கம்பெனியின் பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். ரூமுக்கு வந்து நீங்களே பேனாவால் சேர்த்தால், பில் புக்கில் இருக்கும் கார்பன் காப்பியில் அது இருக்காது.