புது எவர்சில்வர் பாத்திரத்தில் கருப்பு வருதா? சோப்புக்கு முன்னாடி எண்ணெய் தடவுங்க!

பொள்ளாச்சி:

கல்யாண சீசன் வந்தாலும் சரி, பள்ளிக்கூடம் திறந்தாலும் சரி, பொள்ளாச்சி பாத்திரக்கடைகளில் கூட்டம் அலைமோதும். சீருக்கு போசி, குண்டா, புள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் என்று வாங்கி வருகிறோம். சோப்பு போட்டு ஒரு தடவை கழுவி, பளபளன்னு இருக்கே என்று அன்னைக்கே பால் காய்ச்சி விடுகிறோம்.

அப்படி கழுவிய பாத்திரத்தை, வெள்ளைத் துணியில் ரெண்டு சொட்டு சமையல் எண்ணெய் தொட்டு உள்பக்கம் அழுத்தி துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் துணி கருப்பாகி விடும். சோப்புக்கு போகாத இந்த கருப்பு எண்ணெய்க்கு மட்டும் எப்படி வருகிறது?

பட்டறையில் நடப்பது என்ன?

நம் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரத்துக்கு பேர்போன ஊர் திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம். அங்கும் சுற்று வட்டாரத்திலும் பித்தளை, தாமிரம், எவர்சில்வர் பாத்திர பட்டறைகள் ஏராளம். எந்த ஊர் பட்டறையாக இருந்தாலும் வேலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

வட்டமாக வெட்டிய தகட்டை பிரஸ்சில் வைத்து அழுத்தி குழியாக்குவார்கள். அப்போது தகடு கிழியாமல் வழுக்கிக் கொண்டு இறங்க எண்ணெய் பூசுவார்கள். இது முதல் எண்ணெய். பிறகு பாத்திரத்தை வேகமாக சுற்றும் துணிச்சக்கரத்தில் பிடித்து பாலீஷ் போடுவார்கள். அந்த சக்கரத்தில் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும் பாலீஷ் கட்டியை தேய்ப்பார்கள். மெழுகும் கொழுப்பும் கலந்து, அதில் அலுமினியம் ஆக்சைடு போன்ற நைசான தூள் சேர்த்தது அந்த கட்டி. அந்த தூள்தான் தகட்டை அறுத்து பளபளப்பாக்குகிறது.

சக்கரம் சுற்றுகிற சூட்டில் மெழுகு உருகி, அந்த தூளையும் தேய்ந்து வந்த இரும்புப் பொடியையும் சேர்த்து பாத்திரத்தில் அப்பி விடுகிறது. பாலீஷ் போடும் தொழிலாளர்கள் முகம், கை எல்லாம் கருப்பு படிந்து நிற்பதும் இதனால்தான். நம் துணியில் வருவதும் அதே கருப்புதான். துரு இல்லை, பாத்திரம் கரைவதும் இல்லை. அதனால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சோற்றில் சேர வேண்டிய பொருளும் இல்லை.

ஏன் முதலில் எண்ணெய்?

பலாப்பழம் உரிக்கும்போது கையில் ஒட்டும் பாலை சோப்பு போட்டா எடுக்கிறோம்? தேங்காய் எண்ணெய் தடவித்தானே எடுக்கிறோம். இங்கேயும் அதே கதைதான். காய்ந்து போன மெழுகுக்குள் சோப்புத் தண்ணீர் இறங்காது. எண்ணெய் இறங்கும், மெழுகை இளக்கும். அதில் சிக்கி இருக்கும் தூளும் விட்டு வரும். அப்புறம் அந்த எண்ணெயை எடுக்க சோப்பே போதும்.

3 லிட்டர் போசிக்கு செய்முறை

ஒட்டி இருக்கும் ஸ்டிக்கரை முதலில் உரித்து விடுங்கள். பசை போகவில்லை என்றால் அதன் மேலும் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விடலாம்.

அடுத்து ஒரு கரண்டி சமையல் எண்ணெயை பாத்திரம் முழுக்க தடவி, பழைய பனியன் துணியால் அழுத்தி துடையுங்கள். கருப்பு வர வர துணியின் பக்கத்தை மாற்றுங்கள். மூன்று, நான்கு தடவை இப்படி செய்தால் துணி ஓரளவு வெள்ளையாகவே வரும். விளிம்பு மடிப்பு, கைப்பிடி ஆணி ஓரம் ஆகிய இடங்களில்தான் அழுக்கு பதுங்கி இருக்கும். அங்கே பழைய டூத் பிரஷ்ஷில் எண்ணெய் தொட்டு தேய்க்க வேண்டும்.

பிறகு 3 ஸ்பூன் சமையல் சோடாவை கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, எண்ணெய் மேலேயே பூசி 10 நிமிடம் விடுங்கள். மிருதுவான துணியால் தேய்த்து கழுவியதும், பாத்திரம் கழுவும் சோப்பும் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும் வைத்து ரெண்டு தடவை கழுவுங்கள்.

கடைசியாக போசியில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி, 4 ஸ்பூன் வினிகர் விட்டு 10 நிமிடம் கொதிக்க விட்டு கொட்டி விடுங்கள். வினிகர் இல்லாவிட்டால் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றக் கூடாது. நுரை பொங்குமே தவிர, ஒன்றை ஒன்று அடித்துக் கொண்டு ரெண்டுமே வேலை செய்யாது.

இரும்பு நார் வேண்டாம், பாலீஷில் கீறல் விழும். உப்பு போட்டு ஊற வைப்பதும் வேண்டாம். எவர்சில்வரில் உப்புத் தண்ணீர் நின்றால் நாளடைவில் புள்ளி புள்ளியாக அரிக்கும். வெந்நீர் பிளாஸ்க், சூடு தாங்கும் எவர்சில்வர் பாட்டில் இவற்றை அடுப்பில் வைக்கவே கூடாது. உள்ளே வெந்நீரும் வினிகரும் ஊற்றி அரை மணி நேரம் விட்டு கழுவினால் போதும்.

போச்சா, போகலையா?

ஒரு சொம்பு தண்ணீரை உள்பக்கம் ஊற்றி சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே திரையாக பரவி இறங்கினால் எண்ணெய் போய்விட்டது. வாழை இலையில் உருளுவது போல முத்து முத்தாக பிரிந்து நின்றால் இன்னும் படலம் இருக்கிறது. சோடாவில் இருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். கழுவி காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாக திட்டு தெரிந்தால் அது எண்ணெய் இல்லை, போர் தண்ணீரின் உப்பு. வினிகர் தொட்டு துடைத்தால் போய்விடும்.

இதையெல்லாம் செய்யாமல் வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினால், எண்ணெய் கருகி பழுப்பு நிறத்தில் ஒட்டிக் கொள்ளும். அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு.

பிளாஸ்டிக் டப்பா வாடைக்கு?

இது வேறு விஷயம். எவர்சில்வரில் அழுக்கு மேலே இருக்கிறது. பிளாஸ்டிக்கில் வாடை உள்ளே இருக்கிறது. டப்பா அச்சில் வார்க்கும்போது தங்கிய ஆவி, மூடியே கிடந்ததால் வெளியே போக வழியில்லாமல் தேங்கி நிற்கும். அதனால் தேய்ப்பதை விட திறந்து வைப்பதுதான் முக்கியம்.

முதலில் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை கழற்றுங்கள். பாதி வாடை அதில்தான் இருக்கும். எல்லாவற்றையும் சோப்பில் கழுவி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 ஸ்பூன் சமையல் சோடா கலந்து ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். மறுநாள் கழுவி, மூடாமல் ரெண்டு, மூன்று நாள் காற்றோட்டமான நிழலில் வையுங்கள்.

அடிப்பக்கம் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும் பாட்டிலில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது, சுருங்கி விடும். 5 என்று இருந்தால் சூடு தாங்கும்.

மூன்று தடவை இப்படி செய்தும் வாடை போகவில்லையா? நாள் பட போகும் என்று காத்திருக்க வேண்டாம். எண்ணும் இல்லாமல், உணவுக்கு ஏற்றது என்பதற்கான கண்ணாடி டம்ளர், முள்கரண்டி குறியும் இல்லாமல் இருந்தால் அதில் புள்ளைகளுக்கு சோறு கட்ட வேண்டாம். ஆணி, ஸ்குரு, ஊசி நூல் போட்டு வைக்க அது தாராளமாக உதவும்.