சின்ன வீடும் கடைசி வரியும்: கிர்கிஸ் மலைக் கதையைக் கள்ளக்குறிச்சியில் படித்தபோது...

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் புத்தகம் படிக்க முடியாது. கல்வராயன் மலை வளைவுகளில் எழுத்து ஆடும், வயிறும் ஆடும். அதனால் போன மாதம் நான் பையில் வைத்திருந்த 'ஜமீலா'வை மேலே போய் இறங்கிய பிறகுதான் திறந்தேன். மெல்லிய குறுநாவல், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். எழுதியவர் கிர்கிஸ்தான் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ். 1958-ல் வெளிவந்த கதை. பிரெஞ்சுக் கவிஞர் லூயி அரகோன் இதைத் தன் மொழிக்குக் கொண்டுபோய், உலகின் மிக அழகான காதல் கதை என்று சொன்னார். சோவியத் காலத்தில் மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் நம்மூருக்கு வந்த தமிழ்ப் புத்தகங்களின் வழியாக ஐத்மாத்தவ் இங்கே ஏற்கெனவே தெரிந்தவர். அவருடைய 'முதல் ஆசிரியர்' கதையைப் படித்த ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர்.

'ஜமீலா'வின் காலம் 1943. ஆண்கள் எல்லாரும் போர்முனையில். மலையடிவாரக் கிராமத்தில் பெண்களும் சிறுவர்களும்தான் தானிய மூட்டைகளை வண்டியில் ஏற்றி ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கதையைச் சொல்பவன் சேயித், 15 வயதுப் பையன். ஜமீலா அவனுடைய அண்ணி. புருஷன் சாதிக் போரில் இருக்கிறான். காயம்பட்டுத் திரும்பிய தானியார் என்ற பேசாமடந்தை சிப்பாயும் இவர்களோடு வண்டி ஓட்டுகிறான். ஒரு ராத்திரி அவன் பாடுகிறான். மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காதலைவிட அந்த வீட்டு உறவுமுறைதான் ஆச்சரியமாக இருந்தது.

சேயித்தின் குடும்பத்துக்கு இரண்டு வீடுகள். பெரிய வீடு, சின்ன வீடு. இந்த இடத்தில் தமிழ் வாசகர் சட்டென்று சிரித்துவிடுவார், இல்லையா? 1985-ல் பாக்யராஜ் படமே வந்துவிட்டது. ஆனால் கிர்கிஸ் கதையில் விஷயம் வேறு. உறவுக்காரர் ஒருவர் இறந்துபோகிறார். பிள்ளைகளோடு நிற்கும் அவர் மனைவியை வேறு குலத்துக்கு அனுப்பக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் சேயித்தின் அப்பாவுக்கே அவளைக் கட்டிவைக்கிறார்கள். ஊரறிந்த, ஊர் மதிக்கிற ஏற்பாடு அது. ஒளிவுமறைவு கிடையாது. சாதிக் அந்த வீட்டுப் பிள்ளை, ஜமீலா அந்த வீட்டு மருமகள்.

இப்போது மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். சொல்லுக்குச் சொல் 'சின்ன வீடு' என்று போட்டால் கௌரவமான ஒரு விதவைத் தாய் தமிழில் வேறு யாரோ ஆகிவிடுகிறாள். 'இளைய வீடு' என்று போடலாம். 'இரண்டாம் குடும்பம்' என்றால் அரசு விண்ணப்பம் போல இருக்கும். அடிக்குறிப்பு போட்டால் கதை தடுக்கும். அகராதி உதவாத இடம் இது. உங்கள் கையில் இருக்கும் பிரதியில் இந்த இடம் எப்படி வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. சின்ன வீட்டுத் தாயைப் பிள்ளைகள் 'கிச்சி அபா' என்று அழைக்கிறார்கள். காதுக்கு அப்பா போலக் கேட்டாலும் அங்கே 'அபா' என்றால் அம்மா. கிச்சி என்றால் சின்ன. ஆக, சின்னம்மா! ஆங்கிலத்தில் விளக்கி எழுதவேண்டிய உறவு, தமிழில் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அண்ணி விஷயமும் அப்படித்தான். சேயித் ஜமீலாவை 'ஜெனே' என்பான். அவள் அவனைச் 'சின்னப் பையா' என்ற பொருளில் 'கிச்சினே பாலா' என்பாள். இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. ஆனாலும் கொழுந்தனை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்பது முறை. அண்ணி என்ற சொல்லுக்குள் மரியாதையும் உரிமையும் கேலியும் சேர்ந்து இருக்கிறதே, அது தெரிந்தால்தான் சேயித்தின் தவிப்பு புரியும். அவன் அண்ணியைக் காவல் காக்க வேண்டியவன். அதே அண்ணியின் மனசு போகிற திசையை முதலில் பார்ப்பவனும் அவன்தான்.

ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும் கதைகளில் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கும். அண்ணி, நாத்தனார், கொழுந்தியாள், ஓரகத்தி எல்லாரும் ஆங்கிலத்தில் ஒரே 'சிஸ்டர் இன் லா'. மூலமொழியில் அது யார் என்று தெரியாவிட்டால் தமிழில் எதைப் போடுவது? ஊகம்தான். 'நீ'யா, 'நீங்க'ளா என்பதும் அதே கதை. ரஷ்ய மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. ஆங்கிலத்தில் ஒன்றுதான். அதனால்தான் சில மொழிபெயர்ப்புகளில் மாமியாரை மருமகள் திடீரென்று ஒருமையில் பேசுவாள். அடுத்த பக்கத்தில் பன்மைக்கு மாறுவாள். புத்தகக் கடையில் நின்றபடியே ஒரு குடும்பக் காட்சியைப் புரட்டிப் பாருங்கள். உறவுமுறை குழம்பினாலோ, மரியாதை ஏறி இறங்கினாலோ மொழிபெயர்ப்பாளர் மூலத்தைத் தொடவில்லை என்று சந்தேகப்படலாம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. ஆங்கிலம் வழியே வந்தும் கவனமாகச் செய்யப்பட்டவை இருக்கின்றன.

பக்கத்து மொழிக்கு இந்தக் கஷ்டம் குறைவு. மலையாளத்திலிருந்து நேராக மொழிபெயர்க்கும் குளச்சல் மு. யூசுஃப், பஷீரின் யானைக் கதைத் தலைப்பில் 'உப்பப்பா'வைத் தாத்தா ஆக்காமல் அப்படியே விட்டார். ஒன்றும் புரியாமல் போகவில்லை. யார் வீட்டுக்குள் நுழைகிறோம் என்பது அட்டையிலேயே தெரிந்துவிடுகிறது.

ஜமீலாவுக்கு வருகிறேன். போர்முனையிலிருந்து சாதிக்கின் கடிதம் வருகிறது. பெரியவர்களுக்கு வணக்கம், அப்பா அம்மாவுக்கு வணக்கம், உறவினர், ஊரார் என்று வயது வரிசைப்படி எல்லாரையும் நலம் விசாரிக்கிறான். கடைசியில், முடிக்கும் அவசரத்தில், மனைவிக்கும் ஒரு வரி. பெற்றோர் இருக்கும்போது மனைவி பேரை முதலில் எழுதுவது அங்கே அழகில்லை. சாதிக் கெட்டவன் இல்லை, முறைப்படி நடக்கிறவன். ஆனால் அந்தக் கடைசி வரிக்காகக் காத்திருந்தவளின் முகம் வாடுவதைச் சேயித் பார்க்கிறான். ஐத்மாத்தவ் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான்.

இந்தப் பகுதியைக் கள்ளக்குறிச்சி பக்கத்தில் இருக்கும் என் ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். தாத்தா அந்தக் காலத்தில் மைசூர் பக்கம் கட்டட வேலைக்குப் போனவர். கல்வராயன் மலையிலிருந்து இன்றைக்கும் கேரளா, கர்நாடகா தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது. அன்றைக்குக் கார்டுதான்.

"எழுத்துக்காரன் எந்த ஊருன்ன?"

"கிர்கிஸ்தான் ஆயா. ரஷ்யா பக்கம். மலை நாடு."

"அங்கயும் இப்படித்தானா? உங்க தாத்தா கார்டுல மாடு கன்னைக்கூட விசாரிச்சிருப்பாரு. என்னைக் கடைசியில. படிச்சிக் காட்டுறது மாமனாரு. நான் கதவு பின்னால நிப்பேன்."

முடிவையும் சொன்னேன். ஆயாவுக்கு ஒப்பவில்லை. சண்டையில கெடக்குறவன் என்ன பண்ணுவான், திரும்பி வந்தா யாரு மூஞ்சியில முழிப்பான் என்று சாதிக் பக்கமே நின்றார். ஊர் ஜமீலாவைத் திட்டியது சரிதான் என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்த லெட்டர் வர்ற எடத்த இன்னொரு தரம் படி" என்றார்.