‘வாங்கு’ எங்கெல்லாம் வருகிறது?

கடையில் அரிசி வாங்குகிறோம். வாத்தியாரிடம் அடி வாங்குகிறோம். வங்கியில் கடன், ஊரில் நல்ல பேர், மாடி ஏறினால் மூச்சு, சண்டை வந்தால் எதிராளியின் மானம் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே இருக்கிறோம். அரிசிக்குக் காசு கொடுக்கிறோம். மூச்சுக்கு யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. இத்தனையும் ஒரே வினைச்சொல்லா? எது எந்தப் பொருளில், எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது? யோசித்து எழுதினால் நினைவுக்கு வருபவை மட்டும்தான் பட்டியலில் சேரும். மொழியியலாளர்கள் அதனால் எழுத்தில் கிடைத்ததை எல்லாம் கொட்டிவைத்து, சொல் வரும் ஒவ்வொரு இடத்தையும் வரிசையாக அடுக்கிப் பார்க்கிறார்கள். இதற்குத் தமிழில் தொடரடைவு என்று பெயர்.

அடுக்கும் முறை எளிது. தேடும் சொல் நடுவில் நேர்க்கோடாக நிற்கும். அதற்கு முன்னால் வந்த சில சொற்கள் இடப்பக்கம், பின்னால் வந்தவை வலப்பக்கம். ஓர் இடத்துக்கு ஒரு வரி. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன், அறிவியல் கட்டுரைத் தலைப்புகளைத் தேடுவதற்காக 1950களின் இறுதியில் கணிப்பொறியில் இந்த அடுக்கை உருவாக்கினார். KWIC என்ற பெயர் அப்போது வந்தது. சொல் வரும் இடங்களைத் தொகுக்கும் வேலை அதைவிட மிகப் பழையது. பாரிஸில் டொமினிக்கன் துறவிகள் 13ஆம் நூற்றாண்டிலேயே விவிலியத்துக்குக் கையால் அடைவு செய்தார்கள். நம்மிடமும் சங்க இலக்கியச் சொல்லடைவுகள் அச்சில் உண்டு. இணையத்தில் ப. பாண்டியராஜா தொகுத்த தொடரடைவுகளைப் பழந்தமிழ் படிப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

சங்கப் பாட்டுகளின் சொற்கள் சில பதிப்புகளில் பிரித்துத் தரப்பட்டிருக்கும். இன்றைய நாளிதழையும் நாவலையும் கட்டுரையையும் சேர்த்து ஒரு மொழித்தரவு உண்டாக்கி, அதில் ‘வாங்கு’வைத் தேடும்போதுதான் தமிழின் குணம் தெரியவரும். அகராதியில் இருக்கும் ‘வாங்கு’ என்ற வடிவம் எழுத்தில் அபூர்வம். வருவதெல்லாம் வாங்கினான், வாங்கி, வாங்கிய, வாங்காமல், வாங்குவதற்கு. ஆகவே அடிச்சொல்லைக் கொடுத்துத்தான் தேட வேண்டும். கணிப்பொறியில் உயிர்மெய் எழுத்து இரண்டு குறிகளாகப் பதிவாவது இங்கே கைகொடுக்கிறது. ‘கு’ என்பது அதற்கு ‘க’வும் உகரக் குறியும், ‘கி’ என்பது ‘க’வும் இகரக் குறியும். எனவே ‘வாங்க’ என்று தொடங்கும் எல்லாச் சொல்லையும் கொடு என்றால் வாங்கு, வாங்கி, வாங்காத எல்லாம் வந்துவிடும்.

அதே வசதியால் ஒரு சிக்கலும் உண்டு. AntConc போன்ற மென்பொருளில் எது ஒரு சொல்லின் பகுதி என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எழுத்து வகையை மட்டும் ஏற்று, Mark எனப்படும் குறி வகையை விட்டுவிட்டால், புள்ளியும் கொம்பும் காலும் சொல்லை வெட்டும் இடங்களாகிவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். தேடுவதற்கு முன் சொற்பட்டியலைத் திறந்து பாருங்கள். க, ங, வ என்று ஒற்றை எழுத்துகள் பட்டியலின் தலையில் நின்றால் அமைப்பு தவறு.

அமைப்பைச் சரிசெய்து தேடியபின் வரும் வரிகளில் ஒரு பங்கு நாம் கேட்டவையே அல்ல. கதைகளின் உரையாடலில் “வாங்க, உட்காருங்க” என்று வரும் ‘வாங்க’, ‘வா’ என்ற வினையின் மரியாதை வடிவம். ‘வாங்கோ’வும் அப்படித்தான். ஈழத்து எழுத்துகளைச் சேர்த்திருந்தால் இன்னொன்றும் வரும். அங்கே வாங்கு என்றால் உட்காரும் பெஞ்சு. போர்த்துக்கீசியர் வழி வந்த சொல். “வாங்கில் இருந்தார்” என்ற வரியில் யாரும் எதையும் வாங்கவில்லை.

இன்னொரு பக்கம், சொல்லின் தொடக்கத்தை மட்டும் தேடினால் பழிவாங்கு, பின்வாங்கு, உள்வாங்கு மூன்றும் கையைவிட்டுப் போகும். இவை பெரும்பாலும் சேர்த்தே எழுதப்படுகின்றன. கடைத்தெருவிலிருந்து மிகத் தள்ளி நிற்கும் பொருள்கள் இவற்றில்தான் இருப்பதால் இந்த இழப்பு சிறியதல்ல. சரி, சொல்லின் நடுவிலும் தேடுவோம் என்றால் வருவாங்க, போவாங்க, சொல்வாங்க என்று பேச்சுவழக்கு வினைமுற்றுகள் அத்தனையும் வந்து குவியும். எழுத்தளவில் அவற்றின் வாலும் ‘வாங்க’தான். அதனால் ககரத்துக்குப் பின் எந்தக் குறி வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்:

```
\S*வாங்க(ி|ு|ா)\S*
```

‘வருவாங்க’ இதில் சிக்காது, ‘உள்வாங்கியது’ சிக்கும். ஆனால் வாங்கலாம், வாங்கவில்லை, வாங்கப்பட்டது, வாங்க வேண்டும் ஆகியவை நழுவிவிடும். அவற்றுக்காக, ‘வாங்க’ என்று தொடங்கும் சொற்களை இரண்டாவதாகத் தேடி, வலப்பக்கச் சொல்லின் அகரவரிசையில் அடுக்க வேண்டும். வேண்டும், முடியாது, போனான் என்று தொடர்பவை ஒரு பக்கமும், உட்காருங்க, சாப்பிடலாம் என்று தொடர்பவை இன்னொரு பக்கமும் தாமாகவே ஒதுங்கும். மிஞ்சுபவற்றைக் கண்ணால் பார்த்துக் களைவதைத் தவிர வேறு வழியில்லை.

இனி அடுக்கு. ஆங்கில வினை ஒன்றை ஆராய்பவர் பெரும்பாலும் வலப்பக்கச் சொல்லை முதலில் பார்ப்பார். அங்கே வினைக்குப் பின்தான் செயப்படுபொருள் வரும். தமிழில் வினை கடைசியில் நிற்பது. எதை வாங்கினான் என்பது இடப்பக்கம் இருக்கிறது. ஆகவே தமிழ் வினைக்கு முதல் அடுக்கு இடப்பக்கத்து முதல் சொல்லால், அதற்குள் மறு அடுக்கு இடப்பக்கத்து இரண்டாம் சொல்லால். வடிவத்தைக் காட்டுவதற்காக நானே எழுதிய சில வரிகள் இவை:

```
வகுப்பில் பேசியதற்காக அடி  | வாங்கினான்  | சின்னவன்
கல்யாணத்துக்காக ஊரில் கடன்  | வாங்கியவர்  | இன்னும் அடைக்கவில்லை
எல்லார் முன்னாலும் என் மானத்தை  | வாங்கிவிட்டாய்  | என்று அழுதாள்
மலை ஏறும்போது எங்களுக்கு மூச்சு  | வாங்கியது  | வழியில் உட்கார்ந்தோம்
மூட்டை தூக்குபவருக்கு மூச்சு  | வாங்கும்  | கொஞ்சம் நிற்பார்
மாடிக்கு வந்ததும் பாட்டிக்கு மூச்சு  | வாங்கியது  | பேச முடியவில்லை
```

கடைசி மூன்று வரிகளைப் பாருங்கள். ‘மூச்சு’க்கு முன்னால் எங்களுக்கு, தூக்குபவருக்கு, பாட்டிக்கு என்று மூன்றிலும் ‘கு’ உருபு. அடி வாங்கியவன் ‘சின்னவன்’. மூச்சு வாங்கியது ‘பாட்டிக்கு’. பசிக்கிறது, வலிக்கிறது என்பவற்றோடு சேரவேண்டிய தொடர் இது. இங்கே ஆள் எதையும் செய்வதில்லை, ஆளுக்கு ஒன்று நேர்கிறது. வாங்கு என்பதைச் செயப்படுபொருள் குன்றாவினை என்று மட்டும் குறித்துவைத்தால் இந்த வரிகளுக்கு இடம் இல்லை. இடப்பக்கச் சொல்லால் அடுக்காமல் இருந்தால் இந்த ‘கு’க்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து கண்ணில் பட்டிருக்காது.

‘மானத்தை’ என்பதன் ‘ஐ’யும் கவனிக்கத்தக்கது. அடி வாங்கினான், கடன் வாங்கினான், பேர் வாங்கினான் என்று உருபு இல்லாமலே சொல்கிறோம். மானத்தை வாங்குவதிலும் உயிரை வாங்குவதிலும் பிராணனை வாங்குவதிலும் உருபு விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் வகையில் ஒருவருக்கு ஏதோ வந்து சேர்கிறது. இரண்டாம் வகையில் இன்னொருவரிடமிருந்து பிடுங்கப்படுகிறது. அகரவரிசையில் உயிரும் பிராணனும் மானமும் வெவ்வேறு இடங்களில் கிடக்கும். ஒரு குடும்பம் என்று கூட்டிச் சேர்ப்பது ஆய்வாளரின் வேலை.

உள்வாங்கு என்பதை மட்டும் தனியே அடுக்கினால், எங்கிருந்து எடுத்த வரி என்பது முக்கியமாகிறது. நாளிதழ்ச் செய்திகளில் அதன் இடப்பக்கம் ‘கடல்’ வரும். ராமேசுவரத்திலோ கன்னியாகுமரியிலோ கடல் உள்வாங்கிய செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். கட்டுரைகளிலும் விமர்சனங்களிலும் கருத்தை, அனுபவத்தை, வாசிப்பை உள்வாங்குகிறார்கள். வாங்குதல் என்பதற்கு வளைதல், இழுத்தல் என்ற பழம்பொருள்கள் உண்டு; சங்கப் பாட்டில் அந்தப் பொருளில் வருவதைத் தொடரடைவில் பார்க்கலாம். பின்வாங்கும் படையிலும் உள்வாங்கும் கடலிலும் மேல்மூச்சு வாங்குவதிலும் அந்த இழுத்தல்தான் இன்னும் வாழ்கிறது என்பது என் எண்ணம். ஆனால் இதைத் தொடரடைவு நிறுவாது. இடைப்பட்ட நூற்றாண்டுகளின் வரிகளையும் வரிசைப்படுத்திக் காட்டினால்தான் அது முடிவாகும்.

எண்ணிக்கையில் ஏமாறாமல் இருக்கவும் இதே அடுக்கு உதவும். ஒரே செய்தி பல இதழ்களில் அப்படியே வெளியாகியிருந்தால், கடல் ஒருமுறை உள்வாங்கியது பலமுறையாகக் கணக்கில் ஏறும். வரிசைப்படுத்தியதும் அச்சுப் பிசகாத வரிகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். அவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட வேண்டும். வரிகள் ஆயிரக்கணக்கில் வந்தால் எல்லாவற்றையும் படிக்கவும் தேவையில்லை. 1987இல் வெளிவந்த கோபில்ட் ஆங்கில அகராதியின் முதன்மைப் பதிப்பாசிரியர் ஜான் சின்க்ளேர் சொன்ன வழி நல்ல வழி: எதேச்சையாக முப்பது வரிகளை எடுத்து, தெரியும் பாங்குகளைக் குறித்துக்கொள்வது, பிறகு வேறு முப்பது, புதிதாக எதுவும் கிடைக்காத வரை தொடர்வது.

சில வரிகள் எத்தனை முறை பார்த்தாலும் பிடி கொடுக்காது. “நன்றாக வாங்கினான்” என்று வந்தால் அடியா, சாமானா? செயப்படுபொருள் மூன்று வாக்கியத்துக்கு முன்னால் இருக்கலாம், எழுதப்படாமலே போயிருக்கலாம். அங்கே வரியைச் சொடுக்கி மூலப் பக்கத்தைத் திறந்து படித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

தமிழ்ப் பனுவல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் இணையத்தில் சேர்த்துவரும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஆசிரியர், முதல் பதிப்பின் ஆண்டு, ஊர், அது கதையா செய்தியா கட்டுரையா என்ற நான்கையும் எழுதிவையுங்கள். யாழ்ப்பாணத்து வாங்கையும் மதுரைக் கடைத்தெருவில் வாங்கியதையும் பிரித்தறிய அந்த நான்கு குறிப்புகள் தேவை.