நாவலின் குறையும் நாவலாசிரியரின் ஊரும்

ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை நீண்டு கிடக்கும் தேயிலை மலைகளைக் களமாகக் கொண்டு எழுந்த தமிழ் நாவல்கள் எண்ணிக்கையிற் பெருகியவை அல்ல. அவற்றை எழுதியோரும் ஒரே இடத்திலிருந்து வந்தவர் அல்லர். 1964இல் 'தூரத்துப் பச்சை'யை அளித்தவர் கோகிலம் சுப்பையா. 1960களில் 'மலைக்கொழுந்து' என்னும் நாவலைப் படைத்த நந்தி, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மருத்துவர். 'வீடற்றவன்' எழுதிய சி. வி. வேலுப்பிள்ளையோ மடக்கொம்பரைத் தோட்டத்திலே பிறந்து, தொழிற்சங்கத்தில் உழைத்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றஞ் சென்றவர்.

இத்தகைய நாவல் ஒன்று கைக்கு வந்ததும் மதிப்புரைகாரரின் உள்ளத்தில் முதலில் எழும் வினா, 'இவர் எவ்வூரார்?' என்பது. நூல் மனத்துக்கு நிறைவு தராதபோது அவ்வினாவே விடையாகவும் மாறிவிடுகிறது. 'வெளியிலிருந்து வந்தவர், லயத்து வாழ்வை எங்ஙனம் அறிவார்?' என்று எழுதினால் மதிப்புரை முடிந்துவிட்டதாகத் தோன்றும். 1960களில் ஈழத்து இலக்கிய உலகம் முற்போக்கு என்றும் நற்போக்கு என்றும் அணிவகுத்து நின்ற காலத்தில், ஊரோடு அணியும் ஓர் அளவுகோலாயிற்று. நூலின் பக்கங்களைத் திறவாமலே அதன் மீது தீர்ப்பு எழுத இவ்வளவுகோல்கள் இடந்தந்தன.

இதன் மறுபுறமும் அதே அளவுக்குத் தவறானதே. 'தோட்டத்திலே பிறந்தவர் எழுதியது. ஆகவே உண்மையானது' என்னும் பாராட்டும் நூலைப் படித்ததற்குச் சான்றாகாது. பிறப்பு ஒருவருக்கு அனுபவத்தை நல்கலாம்; அவ்வனுபவத்தை எந்த நிகழ்ச்சியில், எவர் வாயிலாக, எவ்வளவு சொல்வது என்பதை அவர் எழுதும்போதுதான் தெரிவு செய்கிறார். அத்தெரிவுகளே நூலில் நிற்பவை. மதிப்புரைகாரர் எடைபோட வேண்டியவையும் அவையே.

இது நடைமுறையில் எவ்வாறு அமையும் என்பதைக் கற்பனையான ஒரு நாவலைக் கொண்டு பார்க்கலாம். களம் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டம், காலம் 1940. தோட்டத்து மருந்துச் சாலைக்குப் புதிதாக வந்த மருத்துவர் ஒருவர் கதையைக் கூறுகிறார். கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி கதைத்தலைவி. கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்கின்றனர். இறுதியில் துரையின் மனம் இளகுகிறது, கோரிக்கை நிறைவேறுகிறது. நாவல் இருபது அத்தியாயங்களைக் கொண்டது. படித்தவருக்கு அது நிறைவளிக்கவில்லை என்க. அக்குறையை எப்படிச் சொல்வது?

முதலாவது, பார்வைக்கோணம். 'ஆசிரியர் தொழிலாளரை அறியாதவர்' என்பது ஆசிரியரைப் பற்றிய ஊகம். அதனை நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது. ஆனால், 'கதை கூறுபவர் மருத்துவராதலால் லயத்து அறை வாசற்படியிலிருந்தே காணப்படுகிறது. தலைவி நோயாளியாக வருகிறாள், சாட்சியாக வருகிறாள். மருத்துவர் உடனில்லாத ஒரு வேளையில் அவள் என்ன நினைக்கிறாள் என்பது இருபது அத்தியாயங்களில் ஓரிடத்திலும் இல்லை' என்பது நூலைப் பற்றிய கூற்று. எவரும் நூலைப் புரட்டி அதனைச் சரிபார்க்கலாம். தவறெனில் மதிப்புரைகாரரே திருத்தப்படுவார்.

கூற்று அங்கே முடிந்துவிடலாகாது. மருத்துவரைக் கதைகூறியாக்கியதால் நூல் பெற்ற இலாபத்தையும் சொல்லவேண்டும். புதிதாய் வந்தவன் கண்ணுக்குத் தோட்டத்தின் ஒவ்வொரு வழக்கமும் வினாவாகத் தோன்றும்; வாசகரும் அவனோடு சேர்ந்தே கற்றுக்கொள்வர். இந்த இலாபத்துக்காகத் தலைவியின் அகம் விலையாகக் கொடுக்கப்பட்டது. கதை தலைவியின் துயரையே மையமாகக் கொண்டதெனில், அந்த விலை மிகுதி என்று தீர்ப்புக் கூறலாம். மருத்துவரின் மனமாற்றமே மையமெனில், அதே தெரிவு பொருத்தமாகவும் இருக்கக்கூடும். ஒரு தெரிவு நல்லதா தீயதா என்பது நூல் மேற்கொண்ட நோக்கத்தைப் பொறுத்தே அமைகிறது.

இங்கே வேறொரு பிழையும் நேர்வதுண்டு. மருத்துவர் முதலத்தியாயத்தில் தொழிலாளரை அழுக்கர் என்று இகழ்கிறார் என்க. உடனே 'ஆசிரியர் தொழிலாளரை இகழ்கிறார்' என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் கதைகூறி ஆசிரியர் அல்லர். ஒரே குழாயில் பல குடும்பங்கள் நீர் பிடிக்கும் காட்சியைப் பின்னர் ஓர் அத்தியாயம் காட்டி, அழுக்கின் காரணத்தை உணர்த்தியிருந்தால், அந்த இகழ்ச்சி திருத்தப்படுவதற்காகவே வைக்கப்பட்டது. இறுதிவரை அதனை மறுக்கும் காட்சியோ சொல்லோ இல்லையெனில், 'நூல் இந்த இகழ்ச்சியிலிருந்து விலகி நிற்கவில்லை' என்று கூறுவது நியாயம். அப்போதும் எழுவாய் 'நூல்' என்றே நிற்கவேண்டும்.

இரண்டாவது, தகவற்பிழை. நாவலில் ஓரிடத்தில் ஒரு மலை கவ்வாத்து வெட்டப்படுகிறது. அடுத்த வாரமே அதே மலையில் பெண்கள் கொழுந்தெடுத்து நிறுவைக்கு நிற்கின்றனர். அங்கே எடை குறைத்துப் போட்ட கணக்கப்பிள்ளையோடு தலைவி வாதிடுகிறாள். தோட்டத்தை அறிந்தவர் இதைப் படித்ததும் நகைப்பர். கவ்வாத்து வெட்டிய செடி வெறும் கிளையாக நிற்கும். மீண்டும் தளிர்த்துக் கொழுந்தெடுக்கும் நிலைக்கு வர மூன்று மாதமேனும் ஆகும்.

இப்பிழையைச் சுட்டுவது மதிப்புரைகாரரின் கடமை. எனினும் அதற்கு எவ்வளவு எடை என்பதையும் அவரே நிறுக்கவேண்டும். வாதம் நிகழும் மலையை மாற்றி எழுதினால் காட்சி குன்றாமல் நிற்குமாயின், பிழை சிறியது. ஒரு வாக்கியத்தில் கூறி அப்பாற் செல்லலாம். வெட்டிய மலையில் எப்படிக் கொழுந்து கிடைத்தது என்பதன் மீதே கதையின் முடிச்சு நின்றால், பிழை பெரியது, கதையே சரிகிறது. சிறிய பிழை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, 'தேயிலைச் செடியையே கண்டிராதவர்' என்று எள்ளுவது, நூலிலிருந்து மீண்டும் ஆளுக்குத் தாவுவதாகும். தோட்டத்திலே பிறந்த ஒருவர் அதே பிழையைச் செய்திருந்தால் 'கைத்தவறு' என்று மன்னிக்கப்பட்டிருக்குமா என்று மதிப்புரைகாரர் தம்மைத்தாமே வினவிக்கொள்ளவேண்டும். மன்னிக்கப்பட்டிருக்கும் எனில், துலாக்கோல் கோணியுள்ளது.

மூன்றாவது, முடிவு. துரையின் மனம் இளகிக் கூலி உயர்கிறது. 'ஆசிரியர் துரைமாரின் ஆதரவாளர்' என்பது பழி. நேரிய வழி வேறு. கதை தானே குறித்துக்கொண்ட காலத்தை மதிப்புரைகாரர் எடுத்துக்கொள்ளலாம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு எழுந்த வேலைநிறுத்தத்தின்போது பொலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அதே ஆண்டில், அதே கோரிக்கைக்கு ஒரு துரை இளகினார் என்று கதை கூறுவது இயலாத காரியமன்று, மனிதர் பலவிதம். ஆயின் அந்த இளக்கத்துக்கு நூல் காரணம் காட்டவேண்டும். முன்னைய அத்தியாயங்களில் துரையின் உள்ளத்தில் ஓர் அசைவேனும் உண்டா? கொழுந்து முற்றிப் பயனற்றுப் போவதால் நேரும் நட்டம் அவரை வருத்தியதா? கொழும்பிலிருந்த கம்பனி நெருக்கியதா? எதுவுமின்றிப் பத்தொன்பது அத்தியாயங்கள் கல்லாயிருந்தவர் இருபதாவதில் கனிகிறார் எனில், 'முடிவு தயாரிக்கப்படவில்லை' என்று துணிந்து கூறலாம். மதிப்புரைகாரர் விரும்பிய முடிவு தோல்வியாக இருந்திருக்கலாம். அவ்விருப்பம் அளவுகோல் ஆகாது.

இவை மூன்றிலும் ஒரே சோதனை மறைந்திருக்கிறது. எழுதிய வாக்கியத்திலிருந்து ஆசிரியரின் பெயரையும் ஊரையும் அணியையும் எடுத்துவிட்டுப் படிக்கவேண்டும். பொருள் குன்றாமல் நின்றால் அது நூலைப் பற்றியது. ஒன்றும் மிஞ்சவில்லையெனில், அது முதலிலேயே நூலைப் பற்றியதாக இருந்ததில்லை.

இந்நெறிக்கு ஓர் எல்லையும் உண்டு. முன்னுரையில் 'இவை யாவும் நான் கண்ணாரக் கண்டவை' என்று ஆசிரியர் சான்று கூறியிருந்தால், அச்சான்றை அவரே விவாதத்துக்கு வைத்துவிட்டார். அதனை ஆராய்வது ஆளைத் தாக்குவதாகாது. அப்போதும் ஆராயப்படுவது அவர் கூறிய வாக்கு, அவருடைய பிறப்பன்று. பிறர் நூலிலிருந்து எடுத்தாண்டதை மறைத்தல் போன்ற செயல்களும் அத்தகையனவே.

வானொலியில் மதிப்புரை வழங்குவோருக்கு இன்னுமொரு பொறுப்பு சேர்கிறது. கேட்போர் கையில் நூல் இல்லை. கூறியதை உடனே ஒத்துப்பார்க்க வழியில்லை. ஆகவே குறை கூறுமுன் கதையின் போக்கை, அதன் ஆசிரியரே கேட்டாலும் 'ஆம், இதுவே என் கதை' என்று ஒப்பும் வண்ணம் சுருக்கிச் சொல்லுதல் வேண்டும். பின்னர் நூல் எதை நாடியது, எந்தத் தெரிவால் அதனைத் தவறவிட்டது, எந்த இடத்தில் அது புலப்படுகிறது என்று வரிசையாகக் கூறினால், கடுமையான தீர்ப்பும் கேட்போருக்கு விளங்கும்.

மலையகத்தைப் பற்றிய நாவல்கள் சிலவாதலால் அவற்றைக் கடிந்துரைக்கலாகாது என்போரும் உளர். அது சரியன்று. தம் வாழ்வு பிழையாக எழுதப்படின், அதனைக் கேட்கும் உரிமை லயத்தில் வாழ்வோருக்கு உண்டு. அவர்கள் சார்பில் கேட்பதும் மதிப்புரைகாரரின் பணியே. 'நீ வெளியார், விலகு' என்று கேட்டால் அடுத்த நூலே வாராது போகலாம். 'தலைவியை வாசற்படியில் நிறுத்திவிட்டீர்கள்' என்று கேட்டால், அந்த ஆசிரியரோ, அவர் நூலைப் படித்து எழுத வரும் தோட்டத்து இளைஞரோ, அடுத்த நூலில் அவ்வறையினுள்ளே நுழையக்கூடும்.