மதுரையை வெட்டித் திருச்சியை ஒட்டுவது

பயணக் கதை சொல்லும் ஒருவர் மைக்கின் முன் இப்படிப் பேசுகிறார்: “நாங்கள் மறுநாள் காலை மதுரைக்கு… இல்லை, திருச்சிக்குக் கிளம்பினோம்.” கேட்பவருக்கு மதுரை வேண்டாம். ‘ம’ தொடங்கும் இடத்திலிருந்து ‘தி’ தொடங்கும் இடம் வரை தேர்ந்தெடுத்து Delete அழுத்திவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஓடவிட்டுக் கேட்டால், ‘காலை’க்கும் ‘திருச்சி’க்கும் நடுவே ‘டிக்’ என்று ஒன்று விழுகிறது.

அது எங்கிருந்து வந்தது? பதிவான குரல், கணினியில் பெரும்பாலும் நொடிக்கு 44,100 எண்களாக இருக்கிறது. பேச்சில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் பொதுவாகப் பெரிய வித்தியாசம் இருக்காது. அலை வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். நாம் வெட்டிய இடத்தில் அலை மேலே நிற்கிறது. ஒட்டிய துண்டோ கீழே தொடங்குகிறது. ஒலிபெருக்கி அந்த உயரத்தை ஒரே தாவலில் கடக்கிறது. திடீர்த் தாவலில் தாழ்ந்த ஒலி முதல் கீச்சென்ற ஒலி வரை எல்லா அதிர்வெண்களும் ஒரே கணத்தில் வந்துபோகும். ஸ்பெக்ட்ரோகிராம் படத்தில் பார்த்தால் அந்த இடத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய செங்குத்துக் கோடு தெரியும். காதுக்கு அதுதான் ‘டிக்’.

அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியில் வெட்டச் சொல்வார்கள். ஆடாசிட்டியில் Z விசையை அழுத்தினால் நாம் தேர்ந்தெடுத்த பகுதியின் இரு முனைகளும் அத்தகைய புள்ளிகளுக்கு நகரும். நல்ல பழக்கம்தான், ஆனால் அது பாதி மருந்து. ஒரு துண்டு மேலேறும்போது பூஜ்யத்தைத் தொட்டு, அடுத்தது கீழிறங்கும்போது தொட்டால், தாவல் இல்லாவிட்டாலும் முறிவு இருக்கும். பின்னணியில் மின்விசிறியின் முனகல் இருந்தால் அதுவும் அங்கே முறியும்.

மீதி மருந்து கிராஸ்ஃபேட். முதல் துண்டின் கடைசிச் சில மில்லிநொடிகளை அடுத்த துண்டின் தொடக்கத்தின் மேல் ஏற்றி, ஒன்று தேயத் தேய மற்றொன்று வளரும்படி செய்வது. பல மென்பொருள்களில் ஒரு துண்டை இழுத்து மற்றதன் மேல் கொஞ்சம் ஏற்றினாலே இது தானாக நடக்கும். ஆடாசிட்டியில் ஒட்டை இருபுறமும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து Crossfade Clips கொடுக்க வேண்டும். இது கணினி கொண்டுவந்த புதுமை அல்ல. நாடாவில் பதிவு செய்த காலத்தில், பிளேடால் நாடாவை 45 டிகிரி சாய்வாக வெட்டித்தான் ஒட்டினார்கள். கால் அங்குல நாடா நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும்போது அந்தச் சாய்வு தலையைக் கடக்க ஏறக்குறைய 17 மில்லிநொடி ஆகும். இன்றும் பேச்சுக்கு 5 முதல் 20 மில்லிநொடிதான் பொருத்தமான அளவு.

கிராஸ்ஃபேட் நீளமாக இருந்தால் இன்னும் வழவழப்பாக இருக்காதா என்று கேட்கலாம். உயிரெழுத்தின் நடுவே வெட்டியிருந்தால் கெடுதல்தான். ஆண் குரலில் ஓர் அதிர்வு ஏறத்தாழ 8 மில்லிநொடி நீளம். பெண் குரலில் 5 மில்லிநொடி. 40 மில்லிநொடி ஏற்றினால் பல அதிர்வுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். இரண்டு துண்டுகளும் ஒரே சுருதியில் இருப்பது அரிது. ஒரு கணம் இருவர் சேர்ந்து பேசுவதுபோல் கேட்கும். ஆகவே கிராஸ்ஃபேடின் நீளத்தைவிட, வெட்டும் இடத்தைத் தேர்வதே பெரிய வேலை.

இதில் தமிழ் நமக்கு நிறையவே உதவுகிறது. சொல்லின் தொடக்கத்தில் வல்லினம் உச்சரிக்கும் முன் வாய் பொதுவாக ஒரு கணம் மூடிக்கொள்கிறது; அப்போது பதிவில் ஏறக்குறைய அமைதி. ‘க்க’, ‘ட்ட’, ‘ப்ப’ போன்ற இரட்டிப்பில் அந்த அமைதி இன்னும் நீளம். வெட்டுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் வெறும் காற்றிரைச்சல் என்பதால் அவற்றின் நடுவிலும் தாராளமாக ஒட்டலாம். ம, ன, ல, ர, வ எல்லாம் குரல் அறுபடாமல் ஓடும் இடங்கள். தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம்.

நம் வாக்கியத்தில் ‘திருச்சி’ வல்லினத்தில் தொடங்குவது அதிர்ஷ்டம். சிக்கல் ‘காலை’யின் வாலில் இருக்கிறது. பேசியவர் ‘மதுரை’ சொல்லத் தயாரானபோதே மூக்கு வழி காற்று வரத் தொடங்கிவிட்டது. அந்த ‘ஐ’யின் கடைசி நொடித்துளிகளில் மெல்லிய மூக்கொலி ஏறியிருக்கும். ‘ம’ தொடங்கும் இடத்தில் வெட்டினால், திருச்சிக்கு முன்னால் மதுரையின் நிழல் மிஞ்சும். எனவே 20, 30 மில்லிநொடி முன்னதாகவே, மூக்கொலி ஏறாத இடத்தில் வெட்ட வேண்டும். மறுபக்கம் ‘தி’யின் வெடிப்பில் கை வைக்கக் கூடாது. ‘இல்லை’க்குப் பிறகு அவர் விட்ட இடைவெளியில், வெடிப்புக்கு முந்தைய 80 மில்லிநொடி அளவை வைத்துக்கொள்ள வேண்டும், வாய் மூடியிருந்த நேரம் அது. அதை முழுக்க நீக்கினால் சொற்கள் முட்டிக்கொள்ளும். ‘ஐ’ அந்த அமைதிக்குள் தேயும்படி 10 மில்லிநொடி கிராஸ்ஃபேட் போதும். ஏற்றிய அளவுக்கு அமைதி குறையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

‘டிக்’ போய்விட்டது. ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. தவறைத் திருத்துகிறவர் திருத்திய சொல்லைக் கொஞ்சம் ஓங்கிச் சொல்வார்: “திருச்சிக்கு!” ஒலியளவை 2, 3 டெசிபெல் குறைத்தால் ஓரளவு அடங்கும். சுருதி ஏறியிருந்தால் எளிதில் ஒன்றும் செய்வதற்கில்லை. என் கணிப்பில், வெட்டைக் காட்டிக்கொடுப்பது ‘டிக்’கைவிட இந்த ராக மாற்றம்தான். அதனால்தான் பேசுகிறவரிடம் முன்பே சொல்லிவைப்பது: தவறினால் சொல்லை மட்டும் திருத்தாதீர்கள், கொஞ்சம் நிறுத்தி, மூச்செடுத்து, வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள்.

அப்படிச் சொன்னால் நமக்கு இரண்டு மூச்சுகள் கிடைக்கின்றன: தவறிய வாக்கியத்துக்கு முன் ஒன்று, திருத்திய வாக்கியத்துக்கு முன் ஒன்று. புதியவர்கள் இரண்டாவது ‘நாங்கள்’ தொடங்கும் இடத்தில் வெட்டி, முதல் மூச்சோடு ஒட்டிவிடுவார்கள். மூச்சு அதன் பின்னால் வரும் சொல்லுக்குச் சொந்தம். நீண்ட வாக்கியத்துக்கு ஆழமாக இழுப்பார்கள், சிறியதற்கு மேலோட்டமாக; இழுப்பு முடிந்து குரல் எழும் அந்தச் சின்ன இடைவெளியும் ஆளுக்கு ஆள் ஒரு கணக்கு. ஆகவே இரண்டாவது மூச்சை அதன் சொல்லோடு முழுசாக வைத்துக்கொண்டு, முதல் மூச்சை நீக்கிவிடுவதே சரி. முந்தைய வாக்கியம் முடிந்த அமைதியில் ஒட்டு விழும்.

சில சமயம் அவர் முதல் மூச்சை அமைதியே இல்லாமல், முந்தைய சொல்லின் வாலோடு சேர்த்து இழுத்திருப்பார். அப்போது முதல் மூச்சின் நடுவிலிருந்து இரண்டாவது மூச்சின் நடுவுக்குத் தாவலாம். மூச்சு காற்றிரைச்சல்தான், அதில் சுருதி கிடையாது. இங்கே 30 முதல் 50 மில்லிநொடி வரை கூடத் தாங்கும். ஒன்று மட்டும்: தொடர்பில்லாத இரண்டு இரைச்சல்களை நேர்கோட்டுக் கிராஸ்ஃபேடில் ஒட்டினால் நடுவே 3 டெசிபெல் பள்ளம் விழும். சம ஆற்றல் வளைவைத் தேர்ந்தால் விழாது. ஒரே உயிரெழுத்துக்குள் அதிர்வுக்கு அதிர்வு பொருத்தி ஒட்டும்போது இதற்கு நேர்மாறு. அங்கே நேர்கோடுதான் பொருந்தும்.

முதலில் பார்த்த வாக்கியத்தில் ‘இல்லை’க்கும் ‘திருச்சி’க்கும் இடையே ஒரு மூச்சு இருந்திருந்தால் அதை விட்டுவைக்கக் கூடாது. “மறுநாள் காலை” என்று சொல்லிவிட்டு யாரும் அங்கே மூச்சு வாங்குவதில்லை. ஆனால் நீக்கிய இடத்தில் வெறும் பூஜ்யத்தை வைக்காமல், யாரும் பேசாத அறையின் ஒலியை நிரப்ப வேண்டும். பதிவின் தொடக்கத்திலேயே அரை நிமிடம் அதை எடுத்து வைத்திருந்தால் தேட வேண்டியிராது.

சரிபார்க்கும்போது ஒட்டை மட்டும் கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஐந்து நொடி முன்னாலிருந்து, ஹெட்ஃபோனில், திரையைப் பார்க்காமல் கேட்க வேண்டும். அலைவடிவம் கண்ணில் பட்டால், ஒட்டு வரும் நொடிக்காகக் காது காத்திருக்கத் தொடங்கிவிடும்.